போர் தந்ததா, பிறவியிலேயே இருந்ததா?



"சத்தம் தாங்க ஏலாது. சனக்கூட்டத்துக்குள்ள நிக்க ஏலாது. ஆரோடையும் கதைக்க மனமில்லை." எங்களிடம் வரும் பெண்களில் பலர் இப்படித்தான் கதையைத் தொடங்குவார்கள். ஷெல் வீச்சையும் இடப்பெயர்வையும் முகாம் வாழ்வையும் கண்ட ஒருவர் இவ்வாறு சொன்னால், கேட்பவரின் மனம் உடனே போரைத்தான் நினைக்கும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இதே வார்த்தைகளைச் சொல்லும் சிலருக்கு வேறொரு காரணமும் உண்டு. அவர்கள் முதல் குண்டுச் சத்தத்தைக் கேட்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான் இருந்தார்கள். அவர்களைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன்.

ஓட்டிசம் என்ற சொல்லை இப்போது பாலர் பாடசாலைகளிலும் கிளினிக்குகளிலும் கேட்டிருப்பீர்கள். தமிழில் மதியிறுக்கம் என்றும் சொல்கிறார்கள். இது தொற்றுநோயும் அல்ல, பைத்தியமும் அல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள ஒரு வேறுபாடு. இலங்கையில் 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளிடம் செய்யப்பட்டு 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. பிள்ளைக்கு ஓட்டிசம் இருந்தால் அது வளர்ந்த பின் மறைந்துவிடுவதில்லை. அப்படியென்றால், நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில் ஓட்டிசம் இருந்த பிள்ளைகள் இப்போது எங்கே? அவர்கள் எங்களோடுதான் இருக்கிறார்கள். முப்பது, நாற்பது, ஐம்பது வயதுகளில், பெயர் வைக்கப்படாமல் இருக்கிறார்கள்.

ஏன் கண்டுபிடிக்கப்படவில்லை?

அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943 இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதுதான் ஓட்டிசம் மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது. அந்த 11 பேரில் மூவர் மட்டுமே பெண்பிள்ளைகள். அதன்பின் நெடுங்காலம், பேச்சு வராத ஆண்பிள்ளை ஒருவனின் படமே எல்லோருடைய மனதிலும் இருந்தது. நன்றாகப் பேசக்கூடிய, படிக்கக்கூடிய ஒருவருக்கும் ஓட்டிசம் இருக்கலாம் என்பதை லோர்னா விங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1981 இல் எழுதிய கட்டுரைதான் பலருக்கு உணர்த்தியது. மருத்துவக் கைநூல்களில் அது இடம்பிடித்தது 1990களில். அந்த 1990களில் எங்கள் ஊர்களின் நிலை உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் குளிசைக்கே வரிசையில் நின்ற காலத்தில், ஒதுங்கியிருக்கும் ஒரு பெண்பிள்ளையை யார் வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள்? "நல்ல அமைதியான பிள்ளை" என்று சொல்லிவிட்டு இருந்தார்கள்.

ஒரு பெண்ணின் கதை

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கதையை, அவருடைய சம்மதத்துடனும், அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை மாற்றியும் சொல்கிறேன். அவர் 1986 இல் வலிகாமத்தில் பிறந்தவர். 1995 ஒக்டோபரில் நடந்த பெரிய இடப்பெயர்வின்போது வயது ஒன்பது. பிறகு தென்மராட்சி, அங்கிருந்து வன்னி, 2009 இல் வவுனியாவில் முகாம், 2010 இல் கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேற்றம். 2012 இல் திருமணம். கணவர் மேசன் வேலை செய்பவர். 2014 இல் ஒரு மகன்.

முகாமிலிருந்து வந்த காலத்தில் அவருக்கு நித்திரை இல்லை. கனவில் எரியும் தறப்பாள் கொட்டில்கள் வரும். அவருக்கு மனவடு என்று கண்டு, ஒரு கிளினிக்கில் குளிசையும் உளவளத்துணையும் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் கனவுகள் நன்றாகக் குறைந்தன. ஆனால் மற்றவை அப்படியே இருந்தன. சட்டி, பானை மோதும் சத்தத்துக்குக் காதைப் பொத்துவார். ஆட்களோடு கதைத்தால் களைத்துவிடுவார். அன்றைய ஒழுங்கு திடீரென்று மாறினால் அழுவார், அல்லது வாயே திறக்காமல் இருந்துவிடுவார். வேலைக்குப் போன மூன்று இடங்களிலும் நிலைக்கவில்லை. "இன்னும் மனவடு மாறேல்லை" என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

2019 இல் அவருடைய மகனுக்கு ஐந்து வயதில் ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்னார். மகனின் குணங்களை ஒவ்வொன்றாக வைத்தியர் விளக்கியபோது அக்கா சொன்னாராம்: "இதில என்ன வருத்தம் இருக்கு? நானும் சின்னனில உப்பிடித்தானே." வளர்ந்தவர்களில் பலருக்கு முதல் சந்தேகம் இப்படித்தான் வருகிறது. பிள்ளைக்குப் பெயர் சொல்லப்படும்போது பெற்றவர் தன்னைக் காண்கிறார். ஓட்டிசம் குடும்பங்களில் தொடர்ந்து வருவது உண்டு என்பதால் இது தற்செயல் அல்ல.

தாயின் நினைவே சான்று

ஓட்டிசத்தைக் காட்ட இரத்தப் பரிசோதனையும் இல்லை, தலையைப் படம் எடுக்கும் ஸ்கேனும் இல்லை. ஆளோடு கதைத்தும், கவனித்தும், குழந்தைப் பருவம் எப்படி இருந்தது என்று விசாரித்தும்தான் மருத்துவர் முடிவுக்கு வருவார். இதில் குழந்தைப் பருவமே முக்கியம். வயது வந்தபின் புதிதாகத் தொடங்கிய ஒன்று ஓட்டிசமாக இருக்காது.

மற்ற நாடுகளில் பழைய பாடசாலை அறிக்கைகளைக் கொண்டுவரச் சொல்வார்கள். எங்கள் பெண்களிடம் அவை எங்கே இருக்கின்றன? அக்காவின் பாடசாலை அறிக்கைகள் வன்னிக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் தாய் உயிரோடு இருந்தார். அந்த அம்மாவுக்கு ஆண்டுகள் நினைவில்லை. "யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட முன்னமா, பிறகா?" என்று கேட்டால் எல்லாவற்றையும் தெளிவாகப் பிரித்துச் சொன்னார்.

கைக்குழந்தையாக இருந்தபோதே, திருவலையில் தேங்காய் துருவும் சத்தத்துக்கு மகள் நீலம்பாரித்து அழுவாளாம். மூன்று வயதில் புளியங்கொட்டைகளைப் பெரிதும் சிறிதுமாக வரிசைப்படுத்துவாள். யாராவது கலைத்தால் சத்தியெடுக்கும்வரை அழுவாள். தீபாவளிச் சட்டையின் கழுத்து லேஸ் உறுத்துகிறது என்று சட்டையை உட்புறம் வெளியாகப் போட்டுக்கொள்வாள். மற்றப் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடும்போது ஓரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருப்பாள். ஊரைச் சுற்றியுள்ள கோயில்களில் எந்தத் திகதியில் கொடியேற்றம், எந்தத் திகதியில் தேர் என்று எட்டு வயதில் பஞ்சாங்கம் போலச் சொல்லுவாள். அதைவிட வேறு எதையும் கதைக்கமாட்டாள்.

அம்மா சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு சம்பவமும் உண்டு. "கேற்றைப் பாத்துக்கொண்டு இரு" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தால், வேலிப் பொட்டுக்குள்ளால் ஆடு நுழைந்து கத்தரிக் கன்றுகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. மகள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நீங்கள் கேற்றைத்தானே பாக்கச் சொன்னீங்கள்" என்றாளாம். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஓட்டிசத்தின் ஒரு குணம். குறிப்பாகச் சொல்வது, மறைமுகமாகக் கேட்பது, பகிடி, இவையெல்லாம் மற்றவர்களுக்குத் தானாக விளங்கும். இவர்களுக்கு ஒவ்வொன்றாக யோசித்துத்தான் விளங்கும்.

இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது?

மனவடுவும் ஓட்டிசமும் வெளியே ஒன்றுபோலத் தெரியும். உள்ளே வேறு. சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். மனவடு உள்ளவரைப் பதறவைப்பது எதையோ நினைவூட்டும் சத்தம். ஹெலி, பட்டாசு, தகரம் விழும் ஓசை போன்றவை. அந்த நேரத்தில் அவருடைய மனம் பழைய இடத்துக்கே போய்விடும். ஓட்டிசம் உள்ளவருக்குச் சத்தம் எதையும் நினைவூட்டவேண்டியதில்லை. கிறைண்டர் சத்தமும், டியூப் லைற்றின் ரீங்காரமும், பக்கத்தில் இருப்பவர் மெல்லும் ஓசையும் தம்மளவிலேயே வலியைத் தரும். மனவடுவில் பயம் சிகிச்சையோடு மெல்லக் குறையும். இது பெரும்பாலும் அப்படிக் குறைவதில்லை.

ஆட்களை விட்டு விலகுவதும் அப்படித்தான். மனவடு உள்ள பெண்ணைப் பற்றிச் சொந்தக்காரர், "முந்தி எவ்வளவு கலகலப்பான ஆள்" என்று சொல்வார்கள். இழந்துபோன ஒன்று அங்கே இருக்கும். ஓட்டிசம் உள்ளவரைப் பற்றி அப்படி ஒரு "முந்தி" இருக்காது.

அக்காவுக்கு ஒரு தங்கை இருக்கிறார். அதே பங்கருக்குள் இருந்தவர், அதே பாதையால் நடந்தவர். தங்கையும் சில வருடங்கள் பதறிப் பதறித்தான் வாழ்ந்தார். பிறகு பழையபடி சந்தை, கோயில், கல்யாணவீடு என்று கலந்துகொண்டார். அக்கா திரும்பிப் போகக்கூடிய அப்படியொரு பழைய வாழ்க்கை இருக்கவில்லை. ஒரே துன்பத்தை எல்லோரும் ஒரே மாதிரித் தாங்குவதில்லை என்பதால், இந்த ஒப்பீடு மட்டும் முடிவைச் சொல்லாது. ஆனாலும் வைத்தியர் இதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. அக்காவுக்கு இருந்ததும் அதுதான். மனவடு உண்மை, அதற்குக் கிடைத்த சிகிச்சையும் பயன் தந்தது. சிகிச்சை முடிந்தபின் எஞ்சி நின்றதுதான் ஓட்டிசம்.

பெண்களிடம் இது இன்னும் மறைந்துபோவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பலர் நடிக்கப் பழகிக்கொள்கிறார்கள். அக்கா கல்யாணவீடுகளில் தன் மச்சாளைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். மச்சாள் சிரித்தால் சிரிப்பார், மச்சாள் தலையாட்டினால் ஆட்டுவார். எவருக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருட்டறையில் படுத்துவிடுவார். வெளியே காட்டும் முகத்துக்கு வீட்டில் என்ன விலை கொடுக்கப்படுகிறது என்பதையும் வைத்தியர் கேட்டறியவேண்டும்.

கிளினிக்கில் நடந்தது

2022 இல் ஓர் உளமருத்துவரிடம் நான்கு மாதங்களுக்குள் மூன்று தடவை போனார். முதல் தடவை அவரோடு மட்டும் கதைத்தார்கள். இரண்டாம் தடவை தாய் வந்தார். மூன்றாம் தடவை கணவர். காது கேட்கும் திறனையும் சோதித்தார்கள். மனச்சோர்வா, எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் எண்ணச்சுழற்சி நோயா என்றும் பார்த்தார்கள். அந்த நோயில் செய்கை பயத்தால் வரும், செய்பவருக்கே வெறுப்பாக இருக்கும். அக்காவுக்கோ நூல் உருளைகளை நிறப்படி அடுக்குவது ஆறுதலாக இருந்தது. முடிவில் 36 ஆவது வயதில் அவருக்கு ஓட்டிசம் என்று சொல்லப்பட்டது.

எல்லோருக்கும் இவ்வளவு இலகுவாக நடப்பதில்லை. "கலியாணம் கட்டி, பிள்ளையும் பெத்திருக்கிறீங்கள், உங்களுக்கு எப்படி?" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. திருமணமும் படிப்பும் ஓட்டிசம் இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல. அதேபோல, தாளில் உள்ள கேள்விக்கொத்துக்குப் புள்ளி போட்டுப் பார்ப்பதும் நோய்நிர்ணயம் அல்ல. மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்கும் அதில் புள்ளிகள் கூடி வரலாம்.

வேலையில் வந்த மாற்றம்

ஓட்டிசத்தை மாற்றும் குளிசை இல்லை. மாறியது ஆளைச் சுற்றி இருந்த ஒழுங்குகள்தான்.

அக்கா ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஜூக்கி மெசினில் வேலை செய்தார். காலையில் கொலர், மத்தியானம் கை, பின்னேரம் பொக்கற் என்று மாற்றிவிடுவார்கள். சுப்பர்வைசர் லைனின் மறுகரையில் நின்று சத்தமாகச் சொல்வார். மெசின்களின் இரைச்சலில் பாதி கேட்காது, கேட்டதும் உடனே விளங்காது. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் பிழை என்று திரும்பி வரும். ஏச்சு விழும். அவர் கழிப்பறைக்குள் போய் இருந்துவிடுவார். "கள்ள வேலை" என்று பெயர் வந்தது.

நோய்நிர்ணயத்துக்குப் பிறகு, எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை என்று முடிவெடுத்தார். சுப்பர்வைசரிடம் மட்டும் சொன்னார். ஓட்டிசம் என்ற சொல்லையே அவர் பாவிக்கவில்லை. "எனக்குச் சத்தத்தில சொன்னால் விளங்காது, எழுதித் தந்தால் பிழை விடமாட்டன்" என்றார். மூன்று விடயங்களைக் கேட்டார். இயன்றவரை ஒரே வேலை. மாற்றம் இருந்தால் முதல்நாளே ஒரு துண்டில் எழுதித் தருவது. லைனின் நடுவில் இல்லாமல் சுவரோரம் ஓர் இடம். கடையில் வாங்கிய பஞ்சு போன்ற காதடைப்பானையும் போட்டுக்கொண்டார். அவருக்குக் கொலர் தந்தார்கள். கொலர் நுனி இரண்டும் ஒத்துவரவேண்டும், அரை நூல் பிசகும் அவருடைய கண்ணுக்குத் தெரியும். இப்போது நாளுக்கு ஒன்றோ இரண்டோதான் திரும்பி வருகிறது, சில நாள் எதுவுமில்லை.

ஆனால் டார்கெட்டைக் குறைக்கவில்லை. திடீரென்று சொல்லப்படும் ஓவர்டைம் இன்றும் அவரைக் குலைத்துவிடுகிறது. சுப்பர்வைசர் மாறினால் எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து சொல்லவேண்டும். லைன் லீடராகச் சொன்னபோது மறுத்துவிட்டார். நாற்பது பேரோடு கதைக்கும் வேலை தனக்கு ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் வந்த மாற்றம்

கணவருடைய மனதில் ஒரு பழைய காயம் இருந்தது. அவருடைய தாயார் இறந்த அன்று, இவர் அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை போதுமா, தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கிலோ என்று எண்ணிக்கொண்டிருந்தார். "கல்லு மனம்" என்று ஊர் சொன்னது, அவரும் நம்பினார். கிளினிக்கில் மூன்றாம் தடவை போனபோதுதான் அக்கா சொன்னார்: "மாமி செத்தது எனக்குத் தாங்கேலாமல் இருந்தது. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. எண்ணத்தான் தெரியும், எண்ணினன்." கணவர் அன்று வீடு வரும்வரை ஒன்றும் கதைக்கவில்லையாம்.

அதன்பின் இருவரும் ஒரு வழக்கத்தைப் பழகினார்கள். முன்பெல்லாம் கணவர் வந்து பெருமூச்சு விட்டுக்கொண்டு இருப்பார், மனைவி கவனிக்கவில்லை என்று கோபிப்பார். இப்போது, "தலையிடிக்குது, தேத்தண்ணி வேணும், அரை மணித்தியாலம் படுக்கப்போறன்" என்று நேரே சொல்கிறார். விருந்தாளி வருவதென்றால் முதல்நாளே சொல்கிறார். கல்யாணவீட்டுக்கு இருவரும் போனாலும், அக்கா தாலிகட்டு முடிந்ததும் திரும்பிவிடுவார், அவர் நின்று சாப்பிட்டு வருவார். மகன் சீருடையின் பின்கழுத்து லேபலைப் பிடுங்கி அழும்போது அடி விழுவதில்லை. லேபலை வெட்டி, வெட்டிய இடத்தை மெல்லிய பருத்தித் துணியால் மூடித் தைத்துக் கொடுக்கிறார் தாய்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கணவர் முதல் வருடம் முழுவதும், "எப்ப மாறும்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். மாறாது என்பதை ஏற்க அவருக்கும் காலம் எடுத்தது. அக்காவுக்குத் துக்கமும் கோபமும் வந்தன. "முந்தியே தெரிஞ்சிருந்தால் நான் இவ்வளவு ஏச்சு வாங்கியிருக்கமாட்டன்" என்று பல நாள் அழுதார். பெயர் தெரிந்தபின் வரும் இந்த அழுகை வழமையானது. இன்னொரு முடிவும் எடுத்தார்கள். தங்கையின் மகளுக்குச் சம்பந்தம் பேசும் வயது நெருங்குவதால், விடயம் தாய், தங்கை, கணவர் ஆகியோருக்கு அப்பால் போகக்கூடாது என்று. அது சரியா பிழையா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். யாருக்குச் சொல்வது என்பது அவருடைய உரிமை.

சந்தேகம் இருந்தால்

உங்களைப் பற்றியோ உங்கள் வீட்டில் ஒருவரைப் பற்றியோ இதை வாசிக்கும்போது யோசனை வந்தால், ஒரு கொப்பித் தாளை மூன்றாகப் பிரியுங்கள். ஐந்து வயதுவரை, ஐந்திலிருந்து பன்னிரண்டுவரை, அதற்குப் பின் என்று தலைப்பிடுங்கள். சத்தம், உடுப்பு, சாப்பாடு, விளையாட்டு, நட்பு, ஒழுங்கு மாறினால் வரும் குழப்பம் ஆகியவற்றில் நினைவுள்ளதைச் சம்பவமாக எழுதுங்கள். "கூச்சம்" என்று எழுதுவதைவிட, "கிளித்தட்டுக்குப் போகாமல் ஓரத்தில் நின்றேன்" என்று எழுதுவது வைத்தியருக்கு உதவும். தாய், மூத்த சகோதரி, மாமி, பெரியம்மா என்று உங்களைச் சிறுவயதில் பார்த்த ஒருவரிடம் கேளுங்கள். அவர்கள் ஆண்டை மறந்திருந்தால், எந்த இடப்பெயர்வுக்கு முன், எந்த ஊரில் இருந்தபோது என்று கேளுங்கள். முதல் இரண்டு பகுதிகளும் வெறுமையாக இருந்து மூன்றாவது மட்டும் நிரம்பினால், அது பெரும்பாலும் வேறொன்று. அதற்கும் உதவி தேவை, தயங்காமல் போங்கள்.

அந்தத் தாளோடு உங்கள் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். ஏற்கெனவே மனவடுவுக்கோ மனச்சோர்வுக்கோ குளிசை எடுப்பவர்கள், இதை வாசித்துவிட்டு அதை நிறுத்தக்கூடாது. வைத்தியரிடம் ஒரேயொரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள்: "டொக்டர், நான் சின்னனிலையும் இப்பிடித்தான். அதையும் ஒருக்கால் பாப்பீங்களோ?"

அடுத்த மாதம் சந்திப்போம்.